அடுப்பு வைத்த பாறை

கோட்டைப் பகுதியில், கடல் வழக்குகள் நடத்தும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. வரைபடத்தில் வட்டம் போடுவேன், வக்கீல்களின் முரட்டு வாக்கியங்களைத் தேய்த்து மினுக்குவேன். காலையில் செம்பூரில் ரயில் ஏறும்போது டிராம்பே பக்கத்து எண்ணெய் நாற்றம் சட்டையில் ஒட்டும். மாலையில் அலுவலகத்தை விட்டு இறங்கும்போது அதுவே சுத்தமான நாற்றம் என்று தோன்றிவிடும்.

அப்போது என் மேஜைக்கு ஒரு பாறை வந்து சேர்ந்தது. ஓதத்தில் கடல் ஏறினாலும் தலை நனையாத, புல் முளைக்காத, குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பாறை. இரண்டு நாடுகள் அதற்காக முறைத்துக்கொண்டிருந்தன. பாறைக்காக யார் முறைப்பார்கள்? சுற்றியிருக்கும் மீனுக்கும், அடியில் இருக்கலாம் என்று சொல்லப்படும் எண்ணெய்க்கும்தான். மனிதர் குடியிருக்கவோ, சொந்தமாக ஒரு பிழைப்பு நடத்தவோ முடியாத பாறைக்குப் பன்னிரண்டு கடல்மைல் சொந்தக் கடல், அதற்கப்பால் இன்னொரு பன்னிரண்டு மைலுக்குக் கொஞ்சம் காவல் உரிமை, அவ்வளவே. முடியும் என்று காட்டிவிட்டால் அது முழுத் தீவு. இருநூறு மைல் வரை மீனும் எண்ணெயும் அதை வைத்திருப்பவனுக்கு. ஒரு சின்ன வட்டம், ஒரு பெரிய வட்டம். நடுவில் கிடக்கிற பேராசைக்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

பாறையைக் கையில் வைத்திருந்த நாடு, நாற்பது மைல் தள்ளி வலை வீசிய ஒரு மீன்பிடிக் கப்பலை ஆட்களோடு பிடித்து நிறுத்திவிட்டது. கப்பல் பறக்கவிட்டது எதிர் நாட்டின் கொடி. சமையல்காரர் தாராவிக்காரர், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். கப்பல்காரருக்காக வாதாடுவது எங்கள் அலுவலகம். செலவு கொடி நாட்டுடையது.

சமையல்காரரின் மனைவி, தமிழ் பேசுகிறவன் என்று யாரோ சொல்லி, என்னைத் தேடி வந்தாள். வட்டங்களைக் காட்டி விளக்கினேன். வெறும் பாறை என்றால் நாற்பது மைலில் பிடிக்க அவர்களுக்கு உரிமையே இல்லை. தீவு என்றே வைத்துக்கொண்டாலும், மீன் குற்றத்துக்கு ஆளைச் சிறையில் போட முடியாது. நியாயமான பிணைத்தொகை கட்டினால் கப்பலையும் ஆட்களையும் உடனே விடவேண்டும்.

"அப்ப ரெண்டு கணக்குலயும் அவுக வீட்டுக்கு வரணும்லா அண்ணாச்சி? ஏன் வரல?"

பிணை கட்டினால் பிடித்த நாட்டின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கொடி நாடு கப்பல்காரரைக் கட்டவிடவில்லை. இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது.

பிறகு எதிர்த்தரப்பின் படங்கள் வந்தன. பாறை மேல் தகரக் குடிசை, கப்பலில் கொண்டுவந்து கொட்டிய மண், தொட்டியில் ஒரு தென்னங்கன்று. ஒரு படத்தில் அடுப்பு புகைந்தது, லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் சோறு கிண்டிக்கொண்டிருந்தார். கீழே 'தீவுவாசிகளின் சமையலறை' என்று எழுதியிருந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். லுங்கிக்காரர் முகத்தின் மேல் விரலை வைத்தாள். "மெலிஞ்சு போய்ட்டாக" என்றாள்.

பிடித்த ஆளையே குடியிருப்பவனாக நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். மாட்டுங்காவிலிருந்து வரும் எங்கள் சீனியர் வக்கீலுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வெளியிலிருந்து கொண்டு போன மண்ணும் ஆளும் செல்லாது, பாறையின் இயல்பான நிலையைத்தான் நடுவர்கள் பார்ப்பார்கள், இந்தப் படம் எதிர்த்தரப்பின் பொய்யை அவர்கள் வாயாலேயே சொல்கிறது என்றார். படத்தில் இருப்பது தன் புருஷன்தான் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வாக்குமூலம் வாங்கச் சொன்னார். பிணை? விசாரணை வரட்டும், அதுவரை அந்த ஆள் அங்கேயே இருந்தால் வழக்குக்கு நல்லது.

"ஓய், பாறையில உக்காந்திருக்கற சாட்சி. இதுமாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?"

அங்கே சோற்றைப் போட்டோ எடுத்தார்கள், இங்கே அந்தப் போட்டோவைச் சோறாகத் தின்னப் பார்த்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வாக்குமூலத்தை அவள் முன் வைத்தேன். கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் வருவாரா என்று கேட்டாள். வரமாட்டார், தாமதம்தான் ஆகும் என்றேன். பேனாவை என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"அந்தப் பாறைய எவனும் வச்சிக்கிடட்டும் அண்ணாச்சி. எனக்கு அவுகள விட்டாப் போதும்."

உரிமை எதையும் விட்டுக்கொடுக்காமல், எதையும் ஒப்புக்கொள்ளாமல் பிணை கட்டலாம், அதற்கு ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும், வழக்கமாகச் செய்வதுதான் என்று அவளிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு, மற்ற மாலுமிகளின் வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கப்பல்காரரின் உள்ளூர் ஏஜென்ட் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போகிறவன் வருகிறவன் எல்லாம் அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. ஏஜென்ட் கெஞ்சினான், மிரட்டினான், கடைசியில் கப்பல்காரருக்குப் போன் போட்டான். எதையும் ஒப்புக்கொள்ளாத வாக்கியம் இருந்ததால் கொடி நாடும் தடுக்கவில்லை. பிணை கட்டப்பட்டது. என் வாக்கியம் ஒரு கமா கூட மாறாமல் போயிற்று. நான் எழுதியவற்றில் யாரையாவது வீடு கொண்டு சேர்த்தது அது ஒன்றுதான்.

ஆட்கள் வந்து இறங்கிய வாரமே சீனியர் என்னைக் கூப்பிட்டு, அந்தச் சமையல்காரரை வரவழைத்து ஒரு சாட்சியம் எழுதி வாங்கும்படி சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது, நல்ல மாம்பழத்தைக் காக்கைக்கு விட்டவர் மாதிரி. அவளுக்குப் போன் செய்தேன்.

"கேட்டேன் அண்ணாச்சி. அந்தப் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சு வெளிய போயிருதாக."

சாட்சி கிடைக்கவில்லை என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். பாறைக்கு இன்னும் இரண்டு வட்டமும் போட்டுத்தான் வைத்திருக்கிறோம்.