காதுக்குப் பின்னால்

கல்யாணத்தன்றே இளமதி அதைப் பார்த்துவிட்டாள். ஓமப் புகை தாங்காமல் வேதகிரி கண்ணைக் கசக்கியபோது, புருவத்திலிருந்து தவிட்டுத் துகள் போல ஏதோ அவன் பட்டு வேட்டியில் விழுந்தது. அவள் விரலால் தட்டிவிட்டாள். அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பதினோரு வருஷம் ஆயிற்று. புருவம், மூக்கின் இரண்டு ஓரம், காதுக்குப் பின்னால் உள்ள மடிப்பு. இந்த மூன்று இடம்தான். தோல் சிவந்து, பிசுபிசுவென்று மஞ்சளாய் ஏடு கட்டும். உதிரும். போய்விட்டது என்று நினைக்கும்போது வரும். பனிக்காலத்தில் அதிகம். தூக்கம் கெட்டாலும் அதிகம்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு டிபன் ஓட்டலில் அவன் சப்ளையர். விடியுமுன் சைக்கிளில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவான். சனிக்கிழமை மட்டும் பகல் பன்னிரண்டுக்குப் போனால் போதும். அன்று காலை இளமதி நல்லெண்ணெயில் வேப்பிலை போட்டுக் காய்ச்சுவாள். அவன் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலில் தலையைச் சாய்ப்பான். தலையில் தொடங்கி புருவம், மூக்கோரம், காதுப் பின்புறம் என்று வருவாள். எண்ணெய் பட்டதும் ஏடு இளகும். ஈரத் துணியால் ஒற்றினால் கையோடு வந்துவிடும். திங்கட்கிழமை வரை முகம் துலக்கமாக இருக்கும். புதன்கிழமை பழையபடி. எண்ணெய் போதவில்லை என்று அடுத்த வாரம் இன்னும் சற்று நேரம் ஊறவிடுவாள்.

அவள் காஞ்சிபுரம் கடைகளுக்குப் புடவைக் குஞ்சம் கட்டிக் கொடுப்பவள். நூலுக்குப் பழகிய விரல். குழந்தை இல்லை. வாரத்தில் மற்ற நாள் அவர்கள் பேசிக்கொள்வது கொஞ்சம். சனிக்கிழமையும் பேச்சு அதிகமில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவன் முகம் அவளுடையது.

இந்தத் தையில் முதல் சனிக்கிழமை, "சளி புடிச்சிக்கினு கீது, இன்னிக்கி வேணாம்" என்றான். அடுத்த வாரம், "ஓட்டல்ல ஆள் இல்ல, சீக்கிரம் வரச் சொல்லிக்கிறாரு." மூன்றாம் வாரம் அவள் எண்ணெய் காய்ச்சி இறக்குவதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டான்.

அதற்கடுத்த புதன்கிழமை சோறு போடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அவன் புருவம் சுத்தமாக இருந்தது. மூக்கோரத்தில் சிவப்பு இல்லை. எண்ணெய் படாமல் இருபத்தைந்து நாள் ஆன முகம்.

"இன்னா பாக்கற?"

"ஒண்ணுமில்ல. மூஞ்சி பளபளன்னு கீதே."

"பனி கொறஞ்சிச்சில்ல, அதான்" என்று சோற்றைப் பிசைந்தான்.

பனி குறையவில்லை. அவனிடம் வேறு ஒரு வாசனையும் இருந்தது. சோப்பு வாசனை அல்ல. மருந்து போலவும் பூப்போலவும் இரண்டுமாக. வீட்டில் அப்படி எதுவும் கிடையாது.

பக்கத்து வீட்டுக் கீதாவும் குஞ்சம் கட்டுபவள். அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

"அய்ய, மாமா மூஞ்சி நல்லாயிட்ச்சின்னா சந்தோசப்படுவியா, பேஜார் பண்ணுவியா?" என்று கீதா சிரித்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "ஆம்பள திடீர்னு மினுக்கினா எதுக்கோ மினுக்கறான்னுதான் அர்த்தம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை புடவைக் கட்டைக் கொடுத்தனுப்ப இளமதி உத்திரமேரூர் போனாள். வேலை முடிந்தும் ஊருக்குத் திரும்பாமல் ஓட்டலுக்கு வந்தாள். வேதகிரி அங்கே இல்லை. முதலாளி கோபால் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அவனா? மெடிக்கல்ல கீறான் பாரு. இப்பல்லாம் அங்கதான் குடித்தனம்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவும் செய்தாள். தெருவைக் கடந்து ஒரு பழவண்டி மறைவில் நின்றாள்.

மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் இருந்தாள். ஜெனிஃபர் என்று யாரோ கூப்பிட்டார்கள். முப்பது வயது இருக்கும். அவள் ஏதோ சொல்லியபடி தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மூக்கின் ஓரம். வேதகிரி பள்ளிக்கூடப் பையன் போலத் தலையாட்டினான். பிறகு திரும்பி, காது மடலை விரலால் முன்பக்கம் மடக்கி, அவளிடம் காட்டினான். அவள் மேசை மேல் சாய்ந்து பார்த்தாள்.

தொடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இளமதிக்கு அந்தக் காதுதான் தெரிந்தது. அங்கே ஒரு மச்சம் உண்டு. அவனுக்கே அது தெரியாது. இப்போது இன்னொருத்திக்குத் தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை. அவள் சைக்கிள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒக்காரு."

"நேரமாவுது..."

"ஒக்காருய்யா. எண்ணெ ஆறிப்பூடும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்தான். அவள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஊற்றினாள். புருவத்தில் தேய்த்தாள், மூக்கோரத்தில் தேய்த்தாள், காது மடலை அழுத்தி மடக்கித் தேய்த்தாள். அவன் "வலிக்குது" என்றான். "வலிக்கட்டும்" என்றாள். அன்று துணியால் ஒற்றவில்லை. அப்படியே போகச் சொன்னாள்.

பிறகு அது தினமும் நடந்தது. பொழுது சாய்ந்து அவன் வந்ததும் கிண்ணத்தோடு நிற்பாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

பத்து நாளில் அது திரும்பி வந்தது. முதலில் புருவ முனையில் ஒரு சிவப்பு. பிறகு மூக்கோரத்தில் மினுமினுப்பு. பிறகு காதுக்குப் பின்னால் பழைய மஞ்சள் ஏடு, முன்பைவிடத் தடிப்பாக. அதைப் பார்த்த அன்று இளமதி நன்றாகச் சாப்பிட்டாள். ஊருக்குப் போயிருந்த ஆள் வீடு திரும்பியது போல இருந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமும் வந்தது. ஆனாலும் நினைத்தாள்.

வியாழக்கிழமை அவன் மத்தியானமே வந்துவிட்டான். சட்டை தண்ணீரில் நனைந்திருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"இன்னா ஆச்சி?"

"இனிமே பந்தியில வேணாமாம். பின்னால பாத்திரம் களுவணுமாம்."

"யாரு சொன்னது?"

"முதலாளிதான். ஒர்த்தருக்குப் பொங்கல் வெச்சிக்கினு இருந்தேன். புருவத்துலேந்து எலையில உளுந்துட்ச்சி. அந்தாளு கத்தறான், ஒட்டுவாரொட்டி நோவுக்காரன வெச்சிக்கினு கடை நடத்தறியான்னு. அல்லாரும் எலைய உட்டு எந்திரிச்சிட்டாங்க." சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே, "நல்லாயிட்டுதான் இருந்துச்சி" என்றான்.

அவளால் அடக்க முடியவில்லை. "போ. அந்த மெடிக்கல்காரிகிட்ட போயி காட்டு. அவ பாத்தா நல்லாயிடும்."

அவன் மெல்லத் திரும்பினான். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"காத மடக்கிக் காட்டினியே, கண்ணால பாத்தேன். நானு பதினோரு வருசமா பாத்த காது."

"அட லூசு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். மார்கழியிலேயே முதலாளி எச்சரித்திருந்தார் என்றும், அதனால் காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும் சொன்னான். தோல் டாக்டர் பார்த்து சீட்டு எழுதினார். மருந்து ஷாம்பு. வாரத்துக்கு இரண்டு தடவை அந்த மூன்று இடத்திலும் நுரை போட்டு, ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவ வேண்டும். பாட்டில் ஓட்டல் பின்கட்டில் இருக்கிறது. எப்படிப் போடுவது என்பது மறந்துபோய் அந்த மருந்துக் கடைப் பெண்ணிடம் இரண்டு மூன்று தடவை கேட்டான்.

"வூட்ல வெச்சிக்கினா இன்னா? நான் இன்னா கடிச்சா தின்னுடுவேன்?"

அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்லுய்யா."

"எண்ணெ வெக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. எண்ணெதான் அதுக்குத் தீனியாம். ஊற ஊற வளருமாம். உங்கிட்ட வந்து எப்பிடிச் சொல்றது? வாரா வாரம் காய்ச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருப்ப. உன் கையாலதான் இது போவலன்னு எப்பிடிச் சொல்றது?"

"அப்புறம் ஏன்யா தெனமும் தல குடுத்த?"

"நீ கோவமா இருந்த."

அவள் சமையல் பக்கம் போய் நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. பதினோரு வருஷத்துச் சனிக்கிழமைகளை நினைத்தாள். அழுகை வரவில்லை. டாக்டர் மேல் கூடக் கோபம் வந்தது. ஆனால் அவன் கழுவிய பாத்திரங்களின் புளி வாசம் வீடு முழுக்க இருந்தது.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போன பிறகு, அவன் வீட்டில் விட்டுப்போன பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மருந்துக் கடையில் கூட்டமில்லை. கிட்டத்தில் பார்த்தால் ஜெனிஃபருக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. இளமதி அதையெல்லாம் கவனித்துக்கொண்டாள். சீட்டை நீட்டினாள்.

"ஓ, ஓட்டல் அண்ணனுக்கா? நீங்க?"

"சம்சாரம்."

"நல்லாயிட்டாரே. மறுபடியுமா?"

"எண்ணெ வெச்சேன்."

ஜெனிஃபர் உச்சுக்கொட்டினாள். திட்டவில்லை. "எல்லார் வூட்லயும் அதான்க்கா. காஞ்சிப்போய் உதிருதுன்னு நெனச்சிக்கினு வெக்கறாங்க. எண்ணெ வெச்சா ஏடு இளகி வந்துடும், போயிட்ச்சின்னு தோணும். இது எல்லார் தோல்லயும் இருக்கற ஒரு காளான் மாதிரி. அவர் தோலுக்கு ஒத்துக்கல. அவ்ளோதான்."

"ஒட்டுமா?"

"ஒட்டாது. உங்களுக்கு வந்துச்சா இத்தினி வருசத்துல?"

இல்லை என்று தலையாட்டினாள். "இத வந்து முதலாளிகிட்ட சொல்லுவீங்களா? அவரு மெரண்டு கீறாரு."

"டீ குடிக்கப் போவேன், சொல்றேன். என் பேச்ச கேப்பாரு."

உன் பேச்சைக் கேட்பார்தான் என்று இளமதி நினைத்தாள். "எத்தினி நாளைக்கிப் போடணும்?"

"நாலு வாரம், வாரத்துக்கு ரெண்டு தரம். அப்புறம் வாரத்துக்கு ஒரு தரம் போட்டுக்கினே இருக்கணும். நல்லாயிட்ச்சின்னு உட்டா வந்துடும்."

"எது வரைக்கும்?"

"இது போறது இல்லக்கா. அடங்கிக்கினு இருக்கும். அப்பப்ப வரும், அப்பப்ப போடணும். சொந்தமா கடைல களிம்பு கிளிம்பு வாங்கித் தடவாதீங்க. முகத் தோலு மெலிஞ்சிப்பூடும்."

போகாது. அப்படியென்றால் மாதா மாதம் பாட்டில் தீரும். மாதா மாதம் அவன் இந்த மேசை முன்னால் வந்து நிற்பான். அவள் பையின் வாயை முறுக்கினாள்.

"இனிமே இத நான்தான் வந்து வாங்குவேன். அவரு வந்தா குடுக்காதீங்க."

ஜெனிஃபர் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரிக்கா. ஆனா காதுக்குப் பின்னால கொஞ்சம் தடிப்பா இருந்துச்சி. அவருக்குத் தெரியாதில்ல, அதான் நான் பாத்துச் சொன்னேன். அதையும் யாராவது வாரா வாரம் பாத்து..."

"நான் பாத்துக்கறேன்" என்றாள் இளமதி. பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி வந்தாள்.

"காதுக்குப் பின்னால நான் பாத்துக்கறேன். நீங்க பாக்க வேணாம்."