பத்து நாளும் மூன்று நாளும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்தது மத்திய அரசுத் துறை ஒன்றின் சிறிய அலுவலகம். மொத்தம் பதினான்கு பேர். விடுப்புப் பதிவேடுகளைப் பார்க்கும் சீட் என்னிடம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் நான் எழுதிய குறிப்பு எதுவும் திரும்பி வந்ததில்லை என்று எனக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது.

அது ஒரு புதன்கிழமை. காலை பதினொன்றரை மணிக்குக் கவுன்டரில் இருக்கும் பெண் என் மேசை முன்னால் வந்து நின்றாள். ராஜபாளையத்துக்காரி. எங்கள் துறை வாலிபால் அணியில் பந்தை எடுத்துக் கொடுக்கிற ஆட்டக்காரி. சென்னையில் நடக்கும் துறைகளுக்கு இடையிலான போட்டிக்கு அணி தேர்வாகியிருந்தது. பயணத்தோடு சேர்த்து ஆறு நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தாள். முந்தைய நாள் மாலை அதை நான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

"அண்ணே, இது என்னண்ணே? 'வரம்பு மீறுகிறது'ன்னு எழுதிருக்கிய?"

"ஆமாம்மா. விளையாட்டுக்கு வருசத்துக்குப் பத்து நாளுதான். ஒனக்கு ஏற்கனவே ஏழு நாள் ஆயிட்டு. இப்ப ஆறு சேந்தா பதிமூணு."

"நான் இந்த வருசம் ஒரு டோர்னமென்ட்தான் ஆடுனேன். நாலு நாள். ஏழு எப்படி வரும்?"

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். சிறப்புத் தற்செயல் விடுப்பு என்று ஒரே ஒரு கட்டம். அதில் விளையாட்டு நான்கு நாள், அதற்குக் கீழே ரத்த தானம் மூன்று நாள். கூட்டி ஏழு என்று பென்சிலால் போட்டிருந்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். "ரத்தம் குடுத்ததையும் பந்து ஆடுன கணக்குல சேத்துட்டியளா?"

"ரெண்டும் சிறப்புத் தற்செயல் விடுப்புதான?"

"அப்படிச் சேக்கணும்னு எந்த விதியில இருக்கு? காட்டுங்க."

பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அப்படி ஒரு விதியும் எழுதியிருக்கவில்லை. எனக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் அப்படித்தான் கூட்டியிருப்பார் என்று நானாகவே நினைத்துக்கொண்டது அது.

அவளுக்கு அன்று மாலை ரயில். சாதாரண தற்செயல் விடுப்பு எட்டு நாளும் முடிந்துவிட்டது. ஈட்டிய விடுப்பு அவள் அம்மாவின் ஆபரேஷனில் கரைந்திருந்தது. அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகவும் முடியாது. அவள் போகாவிட்டால் அணியில் பந்து எடுத்துக் கொடுக்க வேறு ஆள் இல்லை.

"நானே அரசாணை கொண்டாந்திருக்கேன்" என்று மடித்த தாளை நீட்டினாள். வாட்ஸ்அப்பில் வந்ததை அச்செடுத்தது. ரத்த தானம் செய்யும் நாளுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு என்று தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் மேலே தமிழ்நாடு அரசு என்று போட்டிருந்தது.

"இது மாநில அரசு ஊழியருக்கும்மா. நம்ம மத்திய அரசு. இதக் காட்டுனா கையெழுத்துப் போடுற மேடம் ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவாவ."

அவள் முகம் சுருங்கியது. அவள் விதியைத் தப்பாகக் காட்டினாள், நான் விதியே இல்லாமல் எழுதினேன். இதில் யார் தப்பு பெரிது?

"செத்த நேரம் குடு" என்றேன்.

பீரோவில் இருந்த விடுப்பு விதிக் கையேட்டை எடுத்தேன். விளையாட்டுப் பகுதி கிடைத்தது. தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்கு ஒரு வரம்பு. துறைகளுக்கு இடையிலான போட்டிகளுக்கு ஒரு காலண்டர் ஆண்டில் பத்து நாள். ரத்த தானத்தைப் பற்றி அந்தப் பத்தியில் ஒரு சொல் கூட இல்லை. கம்ப்யூட்டரில் பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தைத் திறந்து தேடினேன். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கவுன்டருக்கும் என் மேசைக்கும் நடந்தபடி இருந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கிடைத்தது. 2017 டிசம்பர் மாத அலுவலகக் குறிப்பாணை. அங்கீகாரம் பெற்ற ரத்த வங்கியில், வேலை நாளில் தானம் செய்தால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் விடுப்பு. ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு முறை. சான்று தர வேண்டும். அவ்வளவுதான். அதற்குத் தனி ஆணை, தனி வரம்பு.

"கிடைச்சிட்டு!" என்று நான் கத்தியதில் தபால் ஒட்டிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

ரத்த தானம் நான்கில் மூன்று. விளையாட்டு நான்கும் ஆறும் பத்து. பத்துக்குப் பத்து! ஒரு நாள் கூடினாலும் இடிக்கும், கூடவில்லை.

பழைய குறிப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இந்த முறை 'விதிப்படி' என்று மொட்டையாக எழுதவில்லை. எந்தத் துறையின் குறிப்பாணை, எண், தேதி, எந்தப் பத்தி என்று இரண்டுக்கும் தனித்தனியாக எழுதி, நகல்களைப் பின்னால் கோத்தேன். 'முந்தைய குறிப்பில் இரு வகைகளையும் சேர்த்துக் கூட்டியது என் பிழை' என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது.

ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய மேடம் அன்று ராஜபாளையம் கிளையில் ஆய்வுக்குப் போயிருந்தார். தலைமை எழுத்தரிடம் சொல்லிவிட்டுக் கோப்பை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவளும் வெளியே போக அனுமதி வாங்கிக்கொண்டு கூட வந்தாள். உட்கார இடம் இருந்தும் இரண்டு பேரும் நின்றுகொண்டே போனோம்.

மேடம் கண்ணாடியை மூக்கில் இறக்கி, வரி வரியாகப் படித்தார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது.

"மூணு தானத்துல ஒண்ணு தட்டணு, அதான் பிளேட்லெட், குடுத்ததுன்னு சான்றுல இருக்கே. அது ரத்த தானமாகுமா?"

டெங்கு வந்த யாரோ ஒருவருக்காக அவள் மதுரைக்குப் போய்க் கொடுத்தது அது. நல்லவேளை, பஸ்ஸில் அந்த ஆணையை மூன்று தடவை படித்திருந்தேன்.

"ஆகும் மேடம். தட்டணு, பிளாஸ்மா மாதிரி பிரிச்சு எடுக்கிற தானமும் சேரும்னு அந்தக் குறிப்பாணையிலயே இருக்கு. அடிக்கோடு போட்டிருக்கேன்."

அவர் விரலால் அடிக்கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "நீ ஒன் விருப்பத்துக்குப் போறியா, டிபார்ட்மென்ட் அனுப்புதா?" என்றார்.

"டிபார்ட்மென்ட்தான் மேடம். தேர்வுக் கடிதம் வச்சிருக்கோம்."

"அத முதல் தாளா வைக்கணும். தன் சொந்தப் பொறுப்புல ஆடப் போனா இந்த லீவே கிடையாது, தெரியும்ல?" என்றார் என்னிடம். கடிதத்தை மேலே எடுத்து வைத்தேன். என் பிழை பற்றிய வரியில் அவர் பார்வை ஒரு கணம் நின்றது. பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

"திரும்பி வந்ததும் கலந்துகிட்டதுக்குச் சான்றிதழ் குடுக்கணும். ஜெயிச்சிட்டு வா."

வெளியே வந்ததும் அவள் ரோட்டோரத்தில் நின்று இரண்டு குதி குதித்தாள். எனக்கும் குதிக்க வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு ஓடிப் பையை எடுத்துக்கொண்டு அவள் ஸ்டேஷனுக்கு வந்தபோது நானும் அங்கே நின்றேன், எதற்கென்று தெரியாமல். "என்னண்ணே, வழியனுப்பவா?" என்று சிரித்தாள். ரயில் வந்து ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த நாட்களில் கவுன்டர் பக்கம் யாருக்காவது போன் வந்தால் என் காது அங்கேதான் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் என் போனுக்கே அழைப்பு வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"அண்ணே! மூணாவது இடம்! கடைசி செட்டு அம்புட்டு இழுவை! நான் போட்ட சர்வீஸ்லதான் முடிஞ்சது!"

சோற்றுக் கையோடு எழுந்து நின்று அலுவலகம் முழுவதற்கும் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். எதிர்முனையில் அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இங்கே எழுந்த சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.