தாளை மடிக்கும் சத்தம்

கணவர் இறந்த பிறகு எதைச் செய்தாலும் யாரோ செய்வதுபோல் இருந்தது. அந்த நிலையில்தான் ஆன்லைன் கணக்கு டீச்சர் வேலைக்கு விண்ணப்பித்தேன். பாபநாசத்தில் நான் வேலை பார்த்த பள்ளியை அதற்கு முன்பே மூடிவிட்டார்கள். விளம்பரத்தைக் காட்டியவள் என்னோடு இருக்கும் நாத்தனார்.

"அண்ணி, சும்மா போட்டுத்தான் பாருங்களேன்."

போட்டேன். பாடத் தேர்வு சுலபமாக இருந்தது. தேர்ச்சி என்று மெயில் வந்தபோது வாசித்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். அடுத்தது மாதிரி வகுப்பு. நிறுவனத்துப் பெண் ஒருவர் ஆறாம் வகுப்பு மாணவியாக நடிப்பார். பின்னத்தை வகுப்பதை நான் சொல்லித்தர வேண்டும். இணைய வேகத்தைச் சோதித்து, திரையில் வந்த அளவைப் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பியிருந்தேன்.

திரையில் ஒரு செவ்வகம் வரைந்து அரையைக் காலால் வகுக்க ஆரம்பித்தேன். அவர் கேமராவை அணைத்திருந்தார். கறுப்புக் கட்டத்தைப் பார்த்து நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். திடீரென்று எல்லாம் உறைந்தது. வெளியே குறுவை அறுத்துவிட்டுத் திரும்பிய அறுவடை மிஷின், தெருவில் தாழ்வாகத் தொங்கிய இணைய ஒயரை இழுத்து அறுத்துவிட்டிருந்தது.

பதற்றம் வரவில்லை. வந்திருக்க வேண்டியது. நாத்தனார்தான் ஓடிவந்து தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டாள். திரும்ப உள்ளே போனேன். குரல் கேட்டது; நான் வரைந்தது அவர் திரைக்குப் போய்ச் சேரவில்லை. வீடியோவை அணைத்தேன்.

"உங்கிட்ட பேப்பர் இருக்கா? பாதியா மடி. அதை மறுபடி பாதியா மடி. இப்ப பிரிச்சுப் பாரு. ஒரு கட்டம் எவ்வளவு?"

தாள் மடிபடும் சத்தம் கேட்டது. நிஜமாகவே மடிக்கிறார்.

"கால், மிஸ்."

"அரைப் பேப்பர்ல அந்தக் கால் எத்தனை இருக்கு?"

"ரெண்டு."

"அப்ப அரையைக் காலால வகுத்தா?"

"ரெண்டு... ஆனா மிஸ், வகுத்தா கொறையத்தானே செய்யணும்?"

"எத்தனை தடவை அடங்குதுன்னுதானே பாத்தோம்? சின்னதை வச்சு அளந்தா தடவை கூடத்தானே செய்யும்?"

முடிந்ததும் அவர் மாணவிக் குரலை விட்டார். "மேடம், முதல்ல நீங்க மட்டுமேதான் பேசிட்டிருந்தீங்க. லைன் போனப்புறம்தான் என்கிட்ட கேக்கவே ஆரம்பிச்சீங்க. அது நல்லாருந்துச்சு. ஆனா இணைப்பை இப்படியே ஏத்துக்க முடியாதுங்க. வேற கம்பெனியோட ரெண்டாவது லைன் ஒண்ணு வேணும். கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓடணும். அப்புறம் மறுபடி சோதிப்போம்."

ஒயரை ஒட்ட வந்தவர்களைத் தொடர்ந்து வேறொரு கம்பெனி ஆளும் வந்தார். எலக்ட்ரீஷியன் ரவுட்டரை இன்வெர்ட்டரில் சேர்த்தார். எல்லோரையும் கூப்பிட்டது நாத்தனார். நான் காபி மட்டும் போட்டேன். மறுசோதனையில் பிரதான லைனை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். படமும் குரலும் இரண்டாவது லைனில் ஓடின.

வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கை அவள் முதுகில் இருந்தது, அவ்வளவுதான். மறுவாரம் முதல் வகுப்பு. கேமரா போட்டிருந்த ஒரு சிறுமி பென்சிலைக் கடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசத் தொடங்காமல், அவளிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டேன்.