இரட்டிப்பாகச் சொன்ன நேரம்

றஊப் இன்ஜினியருக்கு ஊர் கல்முனை. சோறு போடுவதோ மலை. கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பாதையில் ஒரு துண்டைப் பராமரிப்பது அவர் வேலை. அங்கே மழை என்றால் அவருக்கு உறக்கம் இல்லை.

அவருடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பாதை எப்போது திறக்கும் என்று கேட்டால், மனதில் படும் நேரத்தை இரட்டிப்பாக்கிச் சொல்வார்கள். பிந்தினால் பழியில்லை, முந்தினால் பாராட்டு. குறைத்துச் சொன்னால் சாரதிகள் சரிவுக்குக் கீழேயே வந்து குவிந்துவிடுவார்கள் என்ற நியாயமும் உண்டு. கூட்டிச் சொல்லிக் கெட்டவன் இல்லை என்று கந்தோரில் வேலை செய்கிறவர்கள் சிரித்துக்கொள்வார்கள். கெட்டவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றித்தான் இந்தக் கதை.

அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மலை இறங்கியது. மண்ணும் மரமும் ஒரு பெரிய பாறையும் பாதையை மூடிவிட்டன. மேலேயிருந்து கலங்கல் தண்ணீர் நிற்காமல் வந்தது. அப்படி வந்தால் இன்னும் விழும். றஊப் மண் அள்ளும் பெக்கோவைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார், வாகனங்களை வளைவுக்கு அப்பால் நிறுத்தினார், மேட்டில் ஒருவனை விசிலோடு காவல் வைத்தார். சுற்றுப்பாதையிலும் பாலத்துக்கு மேலால் வெள்ளம். பஸ், லொறி, வான் எல்லாம் இரவு முழுக்க அங்கேதான்.

வான் ஒன்றிலிருந்து இறங்கி வந்தவர் சீனிமுகம்மது, சாய்ந்தமருது வயல்காரர். வானுக்குள் அவருடைய மகன் அப்ராஸின் ஜனாஸா, உயிர் போன உடல், இருந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் மௌத்தாகி, அங்கேயே குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிக் கொண்டு வருகிறார்கள். பெற்ற உம்மா சல்மா வீட்டில் காத்திருக்கிறாள்.

"சேர், பாதை எப்ப திறக்கும்? விடியச் சொன்னாலும் காத்திருக்கலாம். அவள் புள்ளட முகத்த ஒருக்காப் பாக்கணும்."

மழை விட்டால் நாளை காலையில் ஒருவழியாவது திறக்கலாம் என்றுதான் றஊபின் மனம் சொன்னது. பாறை வேரோடியதா, மண்ணில் கிடப்பதா என்பது மட்டும் தெரியாது. வாயோ பழகின வாய்.

"ரெண்டு நாளாகும் காக்கா. பாறைய வெடி வெச்சுத்தான் எடுக்கணும்."

பொலிசுக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அதையே அறிவித்தார்.

ரெண்டு நாள் ஜனாஸாவை வைத்திருக்க முடியுமா? சீனிமுகம்மது வீட்டுக்குப் போன் எடுத்தார். அந்தப் பக்கத்து அழுகை பாதையில் நின்றவர்களுக்கும் கேட்டது. மேலே இருந்த சின்ன ஊரின் பள்ளிவாசலில் தொழுகை நடத்தி, சரிவில் இருந்த மையவாடியில், டோர்ச் வெளிச்சத்தில் அடக்கினார்கள். பஸ்ஸில் வந்தவர்களும் மண் போட்டார்கள். றஊபும் மூன்று பிடி போட்டார்.

சுபஹ் தொழுகைக்கு முன்பே மழை விட்டது. தண்ணீர் தெளிந்தது. விடிந்ததும் பெக்கோ பாறையில் கை வைத்தது. அது மண்ணில்தான் கிடந்தது, இரண்டு தள்ளலில் பள்ளத்துக்குள் போய்விட்டது. வெயில் ஏறுமுன் வாகனங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. சாரதிகள் றஊபுக்குக் கையசைத்தார்கள். வெறும் வானும் போனது. சீனிமுகம்மது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதற்கு எந்த விசாரணையும் வரவில்லை. மேலதிகாரி பாராட்டினார். உறக்கத்தில் இப்போதும் அந்த வான் வளைவில் நிற்கிறது, சீனிமுகம்மது அதே கேள்வியைக் கேட்கிறார், றஊபின் வாய் அதே பதிலைச் சொல்கிறது. கனவிலாவது மாற்றிச் சொல்லலாம் என்று பார்க்கிறார். முடியவில்லை.

சல்மா உம்மா எப்படியோ அவருடைய நம்பரைத் தேடி எடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பார்.

"நீங்க என்ன செய்வீங்க மகன்? உங்களுக்குத் தெரிஞ்சதத்தானே சொன்னீங்க. அல்லாஹ் முந்தியே கெதியாத் திறந்துட்டான்."

தெரிந்ததை நான் சொல்லவில்லை உம்மா என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் சொன்னால் பாரம் அவருக்கு இறங்கும், அவளுக்கு ஏறும்.

கடல்கரை ஊர்களில் மழை இருட்டினால் அவள் றஊபுக்குப் போன் எடுப்பாள். நேற்றும் எடுத்தாள்.

"அங்க மழையா மகன்?"

அவர் தங்குமிடத்தின் தகரக் கூரையில் மழை அடித்த அடியில் அவள் குரலே சரியாகக் கேட்கவில்லை. றஊப் போனைக் கையால் பொத்திக்கொண்டு அறைக்குள் ஒதுங்கினார்.

"இல்ல உம்மா. இங்க நல்ல வெயில்."

"மண்ணெல்லாம் சரியுதாமே, டீவீல காட்டினாங்க. அவன அடக்கின இடத்துல தண்ணி நிக்கிறல்லயே?"

"இல்ல உம்மா."

"நீங்க கிட்ட இரிக்கிறதுதான் எனக்கு நிம்மதி மகன்," என்றாள்.

போனை வைத்துவிட்டு றஊப் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். பாதைக்கு அல்ல, மையவாடிக்கு.