பச்சை ஒயர் போன இடம்

வான்மதி கதவைத் தட்டும்போதே வீட்டின் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

"உங்களுக்கு வேலை மிச்சம் பண்ணிட்டேன் மேடம்" என்றார் வீட்டுக்காரர் ஜெயபிரகாஷ். கையில் ஸ்க்ரூடிரைவர். முகத்தில் பெருமை. "பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டுத்தான் கழட்டினேன். எனக்கு தெரியும்."

சுவரில் ஒரு ஓட்டை. அதிலிருந்து ஐந்து ஒயர்கள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம்.

"கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தீங்களா சார்?"

"போட்டோவா?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி மானஸாவின் குரல் வந்தது. "சாப்பிடறதுக்கு முன்னாடி இட்லியை போட்டோ எடுப்பாரு. இதுக்கு எடுக்க மாட்டாரு."

வான்மதிக்குச் சிரிப்பு வந்தது. அவள் தனியாக வேலைக்கு வந்த முதல் வீடு இது. இரண்டு வாரம் முதலாளி செல்வராஜ் அண்ணனுக்குப் பின்னால் ஏணி தூக்கிக்கொண்டு போனாயிற்று. நேற்று அவர் சொன்னார்: "ஃபிரிஸ்கோல ஒரு தெர்மோஸ்டாட் மாத்தணும். நீ தனியா போ. ஒழுங்கா முடிச்சா திங்கட்கிழமை உனக்கு தனி வேன். நான் வந்து சரிபண்ற மாதிரி ஆச்சுன்னா, இன்னும் ஆறு மாசம் ஏணிதான்." ஆறு மாதம் என்று அவர் சொன்னாலும் அதன் பொருள் அவளுக்குத் தெரியும். கோடைக்குப் பிறகு அவருக்குக் கூடுதல் ஆள் தேவைப்படாது.

பதினொரு வருடம் அவள் இந்த நாட்டில் வேலை செய்யவில்லை. செய்ய அனுமதியில்லை. அதற்கு முன்பு ஓசூரில் பேனல் போர்டு செய்யும் கம்பெனியில் ஆறு வருடம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, வகுப்பில் நாற்பத்தெட்டு பேரில் மூன்று பெண்கள். கல்யாணமாகி டெக்சஸ் வந்தபின் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் வீட்டு ஊஞ்சலை மாட்டவும் மகளின் சைக்கிளை இறுக்கவும் ஆயிற்று. பிப்ரவரியில் வேலை அட்டை வந்தது. கணவன் நவநீத் அவளை டேட்டா என்ட்ரி வகுப்பில் சேரச் சொன்னான். அவள் செல்வராஜின் ஏர்கண்டிஷன் கடையில் போய் நின்றாள்.

"அட்டிக்ல எல்லாம் ஏறுவியா?" என்று கேட்டான் நவநீத்.

"ஏறுறதுக்குத்தான் போறேன்."

கம்பெனிக்கு ஒரு விதி உண்டு. ஒயரைத் தொடுவதற்கு முன்னால் எந்த ஒயர் எந்த எழுத்திட்ட முனையில் இருக்கிறதென்று படம் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் அந்த எழுத்தைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். நிறத்தைப் பார்க்கவே கூடாது. படம் இல்லையென்றால் காற்றைச் சூடாக்கி வீடெங்கும் தள்ளும் பர்னஸ் இருக்கும் இடத்துக்கே போய் அங்குள்ள சர்க்யூட் போர்டில் எழுத்தைப் படித்துவிட்டு வர வேண்டும். பர்னஸ் அட்டிக்கில், கூரைக்கு அடியிலுள்ள பரணில். வெளியே நூற்று நான்கு டிகிரி ஃபாரன்ஹீட். அட்டிக்கில் எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை.

"இதுல என்ன மேடம் இருக்கு" என்றார் ஜெயபிரகாஷ், புதிய தெர்மோஸ்டாட்டின் தட்டை நீட்டியபடி. "சிவப்பு R, கரன்ட் வர்றது. வெள்ளை W, ஹீட்டர். மஞ்சள் Y, கூலிங். பச்சை G, ஃபேன். மிச்சம் நீலம், C. கலரும் எழுத்தும் அப்படியே பொருந்துது பாருங்க. எந்த வீடியோல பார்த்தாலும் இதேதான்."

பொருந்தத்தான் செய்தது. ஐந்து ஒயர், ஐந்து எழுத்து. மணி பன்னிரண்டு. வீட்டுக்குள் எண்பத்தாறு டிகிரி. பன்னிரண்டரைக்குள் முடித்துவிட்டு அண்ணனுக்கு போன் செய்து "முடிஞ்சுது" என்று சொல்லும் தன் குரலை அவளே கேட்டுவிட்டாள். கை தானாகப் போனது. சிவப்பை R-இல், வெள்ளையை W-இல், மஞ்சளை Y-இல், பச்சையை G-இல், நீலத்தை C-இல் செருகினாள். பேட்டரி போட்டாள். மூடியை அழுத்தினாள். ஜெயபிரகாஷ் கராஜுக்கு ஓடிப்போய் பிரேக்கரைப் போட்டார்.

திரை பளிச்சென்று எரிந்தது. மானஸா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"முதல்ல ஃபேன்" என்று சொல்லி வான்மதி பொத்தானை அழுத்தினாள்.

டிக்.

அவ்வளவுதான். கூரையிலிருந்து காற்று வரவில்லை. கூலிங்குக்கு மாற்றினாள். ஹீட்டுக்கு மாற்றினாள். எதற்கும் பதில் இல்லை. திரை மட்டும் பேட்டரியின் தயவில் சிரித்துக்கொண்டிருந்தது.

மூடியைக் கழற்றி மீட்டரின் இரு முனைகளை R-இலும் C-இலும் வைத்தாள். இருபத்துநான்கு வோல்ட் பக்கம் காட்ட வேண்டிய மீட்டர் பூஜ்யம் காட்டியது. பிறகு R-க்கும் G-க்கும். அங்கும் பூஜ்யம்.

"பூஜ்யம்னா நல்லதா?" என்று கேட்டாள் மானஸா.

"இல்ல அக்கா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஃபேனை அழுத்தியதும் தெர்மோஸ்டாட் R-ஐ G-யோடு சேர்த்தது. G-யில் இருந்த ஒயர் ஃபேனுக்குப் போகவில்லை. மின்சாரம் எந்தச் சுமையையும் தொடாமல் நேராகத் திரும்பிவிட்டது. மேலே ஃப்யூஸ் போயிருக்கும். ஓசூரில் ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் எண் போட்ட வளையம் மாட்டுவார்கள். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவள் வளையத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்து ஒயர் செருகியதில்லை. இங்கே வந்து, முதல் வீட்டிலேயே.

"செல்வராஜை கூப்பிடட்டுமா?" என்றார் ஜெயபிரகாஷ் மெதுவாக.

"பிரேக்கரை ஆஃப் பண்ணுங்க சார். ஏணி எங்க இருக்கு?"

"ஹால்ல கயிறு இழுத்தா வரும். மேடம், இப்ப மேல போகாதீங்க, வெந்துருவீங்க."

அவள் அதற்குள் கயிற்றை இழுத்துவிட்டாள்.

மேலே காற்றே இல்லை. வெப்பத்தைத் தடுக்கப் பரப்பிய பஞ்சின் நெடி மூக்கில் ஏறியது. பலகைமேல் தவழ்ந்து பர்னஸை அடைந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கீழ்க் கதவின் இரண்டு திருகைக் கழற்றினாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டாள். போர்டு தெரிந்தது. அதில் கத்தி போன்ற இரு கால்களுள்ள சின்ன ஃப்யூஸ், கார்களில் இருப்பதுபோல. ஊதா நிறம், மூன்று ஆம்பியர். உருவிப் பார்த்தாள். உள்ளே கம்பி அறுந்து கருத்திருந்தது.

பக்கத்தில் திருகுகளின் வரிசை. ஒவ்வொன்றின் கீழும் ஓர் எழுத்து. போர்டில் இரண்டு கேபிள்கள் வந்து சேர்ந்தன. இரண்டே ஒயர் உள்ள கேபிள் வெளியே இருக்கும் கம்ப்ரஸர் பெட்டிக்குப் போவது; அதன் ஒயர்கள் Y-இலும் C-இலும். அதை ஒதுக்கினாள். ஐந்து ஒயர் உள்ள கேபிள்தான் கீழே தெர்மோஸ்டாட்டுக்குப் போவது. அதை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

R, சிவப்பு. W, வெள்ளை. Y, மஞ்சள்.

G, நீலம்.

C, பச்சை.

டார்ச் வாயிலிருந்து விழுந்தது. அவள் சத்தமாகச் சிரித்தாள். கீழே ஏணியடியில் நின்ற இருவரும் பயந்து அண்ணாந்தார்கள்.

"மேடம்? என்ன ஆச்சு?"

"சார், பச்சை ஒயர்னா உங்களுக்கு என்ன?"

"பச்சையா? எர்த்."

"அதேதான்! இங்க யாரோ நம்ம ஊர்க்காரங்க வேலை பார்த்திருக்காங்க. C-ங்கறது கரன்ட் திரும்பிப் போற வழி. அதை எர்த்துன்னு நினைச்சு பச்சையை அதுல போட்டு, ஃபேனை நீலத்துக்கு தள்ளிட்டாங்க. இந்த ஊர்க்காரன் பச்சையை அங்க போட மாட்டான்!"

கீழே மானஸா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க. கோவிட் வருஷத்துல ஒரு தெர்மோஸ்டாட் வாங்கி, C ஒயர் வேணும்னு சொல்லி, ரெண்டு நாள் அட்டிக்ல ஏறி இறங்கினது யாரு?"

"அது... அப்ப ஒரு ஒயர் சும்மா இருந்துது..."

"சும்மா இருந்த ஒயரை போடாம சும்மா இல்லாத ஒயரை மாத்தி வெச்சது யாரு?"

"எர்த் பச்சைதானே வரணும் மானு! சேஃப்டி!"

"அண்ணா யூனிவர்சிட்டி கோல்டு மெடல்" என்று மேலே பார்த்துச் சொன்னாள் மானஸா. "சுவர்ல மாட்டியிருக்கு, எறங்கி வந்து பாருங்க."

வான்மதிக்கு வெக்கையே தெரியவில்லை. கீழே ஒயர்கள் ஏற்கெனவே நிறத்துக்கும் எழுத்துக்கும் பொருந்தத்தான் இருக்கின்றன. மேலே மாற்றினால் போதும். பச்சையை C-யிலிருந்து எடுத்து G-க்கு. நீலத்தை G-யிலிருந்து C-க்கு. வெளிப்பெட்டிக்குப் போகும் ஒயர் C-யில் அப்படியே இருக்கட்டும். திருகை இறுக்கி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். பையிலிருந்த புது ஃப்யூஸைச் செருகினாள். இனி அடுத்து வருபவன், கோல்டு மெடலாகவே இருந்தாலும், தப்பிப்பான்.

கதவை மூடுவதற்கு முன் படம் எடுத்தாள். எடுத்தபின் செல்பேசி கையிலேயே இருந்தது. ஃப்யூஸ் போனது இந்த வீட்டுக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்களும் சொல்லப் போவதில்லை. ஜெயபிரகாஷுக்குச் சொல்ல வாயில்லை. பை செல்வராஜுடையது, அதில் ஃப்யூஸ் நிறைய. அவள் எண்ணை அழுத்தினாள்.

"அண்ணா, ஒரு ஃப்யூஸை எரிச்சுட்டேன்."

எதிர்ப்பக்கம் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல். பிறகு அது நின்றது. "எப்படி?"

"கஸ்டமர் முன்னாடியே கழட்டிட்டாரு. போட்டோ இல்ல. போர்டுல படிச்சிருக்கணும். கலரை பார்த்து போட்டுட்டேன். என் தப்பு. இப்ப அட்டிக்ல இருக்கேன், பச்சையும் நீலமும் மாறியிருந்துது, சரிபண்ணிட்டேன். இன்னும் ஓட்டிப் பார்க்கல."

"ஓட்டிப் பார்த்துட்டு கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நல்ல குரலா, கெட்ட குரலா, தெரியவில்லை. அவள் ஏணியில் இறங்கினாள்.

பிரேக்கர் போடப்பட்டது. மீட்டர் R-க்கும் C-க்கும் நடுவே இருபத்தாறு காட்டியது. மூடியை அழுத்தினாள். ஃபேன். டிக். கூரையில் ஒரு முனகல், பிறகு ஹாலின் காற்றுத்துளையிலிருந்து தூசியும் காற்றும் வந்து மானஸாவின் முந்தானையைத் தூக்கின.

"வந்துருச்சு!"

"இருங்க அக்கா. ஹீட்டர்."

"இந்த வெயில்ல ஹீட்டரா!"

"டிசம்பர்ல நீங்க என்னை திட்டக் கூடாதே." தொண்ணூறுக்கு ஏற்றினாள். இரண்டு நிமிடத்தில் சுடுகாற்று வந்தது. மூவரும் வியர்த்துக் கொட்டியபடி அதைக் கொண்டாடினார்கள். அணைத்துவிட்டுக் கூலிங்குக்கு மாற்றினாள். திரையில் எழுத்து மின்னியது: காத்திரு. கம்ப்ரஸரைக் காப்பதற்காக ஐந்து நிமிடம் அது தானாகத் தள்ளிப்போடும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். தெரிந்திருந்தும் வான்மதி தன் மூச்சை எண்ணினாள். ஜெயபிரகாஷ் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு கொல்லைப்புறப் பெட்டியையே பார்த்தார்.

"சுத்துது!" என்று கத்தினார் அவர். "மேடம், சுத்துது! சுத்துது!"

காற்றுத்துளையில் பிடித்த வெப்பமானி அறுபத்திரண்டு டிகிரி காட்டியதும் அவள் அதைப் படம் எடுத்துச் செல்வராஜுக்கு அனுப்பினாள். போர்டின் படத்தையும் சேர்த்து. போன் உடனே அடித்தது.

"கஸ்டமர் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு அண்ணா."

"பச்சையை C-ல போட்டது அவரா?"

அவள் ஜெயபிரகாஷைப் பார்த்தாள். அவர் கைகூப்பினார்.

"முன்னாடி யாரோ" என்றாள் வான்மதி.

செல்வராஜ் நெடுநேரம் சிரித்தார். "நானும் வந்த புதுசுல அதையேதான் போட்டேன். போர்டே போச்சு. நீ ஃப்யூஸோட தப்பிச்சே." பிறகு குரல் மாறியது. "நீ மறைச்சிருந்தா எனக்கு தெரிஞ்சிருக்காது. ஆனா அந்த மாதிரி ஆளுக்கு நான் வேன் தர முடியாது. திங்கட்கிழமை ஆறரைக்கு வா. மெக்கின்னில ரெண்டு வீடு, ரெண்டும் ஹீட் பம்ப், ஒரே மெஷினே குளிரும் தரும், சூடும் தரும். அதுல O-ன்னு இன்னொரு எழுத்து இருக்கும், W-ல ஒண்ணும் இருக்காது. கலர் பத்தி எங்கிட்ட பேசாதே."

"O என்ன பண்ணும் அண்ணா?"

"வேன் சாவி வாங்க வரும்போது சொல்றேன்."

போனை வைத்தாள். குளிர்ந்த காற்று நேராக அவள் முகத்தில் அடித்தது. மானஸா மோர் டம்ளரை நீட்டினாள். அவள் அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஏணியை மடக்கி மேலே தள்ளினாள்.