நிழலக்காவின் வெளிச்சம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் நிழலக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பேரை வைத்தவன் எங்கள் குழுவிலேயே வாய் நீண்ட ஒருவன். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை என்பதால் நாங்கள் பார்த்துக்கொள்வது வீடியோ கூட்டத்தில்தான். அதில் எல்லோருடைய கட்டத்திலும் ஒரு முகம் இருக்கும், அவளுடையதில் ஒரு கறுப்பு உருவம் இருக்கும். காப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கும் எங்கள் வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அந்தக் கறுப்பு உருவத்தை மேற்பார்வையாளராக்க யாருக்கும் மனம் வரவில்லை. போன முறை நேர்காணலில் கழித்துவிட்டு, "மனம்விட்டுப் பேசவில்லை, தன்னம்பிக்கை போதாது" என்று எழுதினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவள் வீடு ஒரே அறை, ஒரே ஜன்னல். கணவர் இரவுக் காவலாளி, பகலெல்லாம் கட்டிலில் தூக்கம். அவர் திரையில் தெரியக் கூடாதென்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். அவர் எழக் கூடாதென்று கிசுகிசுவென்று பேசுவாள். மேற்பார்வையாளர் பதவிக்கு அவள் தவித்ததும் சம்பளத்துக்காக இல்லை. அதோடு அலுவலகத்தில் ஒரு இருக்கை கிடைக்கும்.

"ஒரு நாளாவது வாய்விட்டுப் பேசி வேலை பாக்கணும்டி. இந்த ரூம் என் கழுத்தை நெரிக்குது" என்பாள்.

மறுபடி நேர்காணல் அறிவிப்பு வந்ததும் நானே களத்தில் இறங்கினேன். நேர்காணலுக்கு முதல் நாள் மாலை சும்மா ஒரு வீடியோ அழைப்பு போட்டுப் பதிவுசெய்து, அவளுக்கே போட்டுக் காட்டினேன்.

"ஐயோ, இதுவா நான்?"

"நீயேதான். கேமரா ஜன்னல் வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிபண்ணிக்குது, உன் மூஞ்சி இருட்டாயிடுது. லேப்டாப் வேற மேஜையில தாழ்வா கிடக்கு. கீழேருந்து பாக்குறதால மூக்கு ஓட்டையும் மின்விசிறியும்தான் தெரியுது. எங்க எல்லாரையும் ஏளனமா பாக்குற மாதிரி இருக்கு."

பின்னணியை மங்கலாக்கிப் பார்த்தோம். அந்த இருட்டில் அது அவள் காதையும் பாதி முடியையும் விழுங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தபோதோ, அவள் அசைந்தபோதெல்லாம் தோளுக்குப் பக்கத்தில் கணவரின் கால் எட்டிப் பார்த்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு அவள் அழுதாள்.

ஜன்னலைப் பார்த்து உட்கார்வதுதான் வழி. அப்படி உட்கார்ந்தால் பின்னால் கட்டில் தெரியும். கட்டிலை என்ன செய்ய? கணவரே முடிவு சொன்னார்: "வெளியே நடையில சாத்தி வச்சிடலாம். நான் உன் மேஜைக்கடியில படுத்துக்குறேன். ஒரு மணி நேரம்தானே."

மறுநாள் காலை திரையில் அவள் முகத்தைப் பார்த்து அசந்துபோனேன். ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்ததால் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் முகம் முழுக்கப் பரவியிருந்தது. நான் சொன்னபடியே, கேமரா கண் மட்டத்துக்கு வர, இரண்டு டப்பாக்களுக்கு மேல் லேப்டாப். எதிரே இருப்பவர்களின் கண்ணைப் பார்ப்பதுபோல் இருக்க, கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் காகிதத் துண்டு. பின்னால் வெறும் சுவர், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பூச்செடி. கணவர் ஏற்கெனவே மேஜைக்கடியில் படுத்துவிட்டாராம்.

நேர்காணல் முடிந்து அவள் போன் செய்தாள்.

"கிடைச்சிடுச்சு" என்றாள்.

நான் கத்தியே விட்டேன். அவள் கத்தவில்லை.

"மேனேஜரம்மா ரொம்பப் பாராட்டுனாங்க. 'இந்தத் தடவை ஆளே மாறிட்டீங்க, எவ்வளவு தெளிவு'ன்னாங்க. போன தடவை சொன்ன அதே பதில்களைத்தான்டி சொன்னேன். கடைசியில, 'வீட்டுலயே இவ்வளவு அமைதியா, வெளிச்சமா, விசாலமா ஒரு இடம் வச்சிருக்கீங்க. ஆபீஸ்ல சீட் பத்தல. வீட்டுல வசதி இல்லாதவங்களுக்குக் குடுக்கலாம்னு இருக்கோம். உங்களுக்கு அது தேவைப்படாதுதானே?'ன்னு கேட்டாங்க."

"கேமராவைக் கீழே திருப்பிக் காட்டியிருக்க வேண்டியதுதானே!"

"எதைக் காட்டுறது? கட்டிலை வெளியே போட்டு, புருஷனைக் காலடியில ஒளிச்சு வச்சிருக்கேன்னா? வேலை கொடுத்த வாயாலேயே பொய்க்காரின்னு சொல்லியிருப்பாங்க. இவரு வேற தும்மலை அடக்கிக்கிட்டு என் கணுக்காலைப் பிடிச்சிட்டிருந்தாரு. தலையாட்டிட்டேன்."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவளையா, அந்த அம்மாளையா, யோசனை சொன்ன என்னையா, தெரியவில்லை.

இப்போது தினமும் காலைக் கூட்டத்தை நடத்துவது அவள்தான். முகம் பளிச்சென்று இருக்கிறது. நிழலக்கா என்ற பேரே மறந்துபோய்விட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, "மேடம் மாதிரி உட்காருங்க" என்று அவள் படத்தைத்தான் காட்டுகிறார்கள். ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

கட்டில் பகலெல்லாம் நடையில் நிற்கிறது. அவர் இப்போது மேஜைக்கடியில்தான் தூங்குகிறார்.