சம்பளம் இல்லாத சனிக்கிழமைகள்

“ஒங்க வூட்டுல பேங்குல கையெழுத்து போடத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா? பணம் பொழங்கற வூட்டுப் பிள்ளைங்களுக்கே இதெல்லாம் புரிய நாளாவும்.”

வேலைக்கான நேர்முகத் தேர்வில் எங்கள் பிரிவுத் தலைவர் கேட்டது இது. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். என் அப்பா வங்கியில் இன்றும் கைநாட்டுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். “நான் போடுவேன் சார்” என்றேன். மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடன் கேட்பவர்களின் வங்கி அறிக்கைகள் கடன் நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு வரும். ஒவ்வொரு வரியிலும் பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று சுருக்கெழுத்தில் இருக்கும். அதை சம்பளம், வாடகை, பரிமாற்றம், ரொக்கம், கார்டு செலவு என்று ஐந்து கட்டங்களில் பிரித்துப் போட வேண்டும். பெரும்பாலானதை மென்பொருளே பிரித்துவிடும். அதற்குச் சந்தேகமான வரிகளும், அது தவறாகப் பிரித்தவையும் எங்கள் பொறுப்பு. ATW என்றால் ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம். POS என்றால் கடையில் கார்டு தேய்த்தது. மாதத்தின் முதல் வாரத்தில் ஒரே ஆளுக்கு ஒரே தொகை போய்க்கொண்டிருந்தால் அநேகமாக வாடகை. SAL என்ற மூன்றெழுத்தைக் கண்டதும் மென்பொருள் சம்பளம் என்று போட்டுவிடும். சேலம் கிளையிலிருந்து வந்த பணத்தையும் அப்படித்தான் போடும். அதை நாங்கள் திருத்துவோம். மங்கலம்பேட்டைப் பெண்களின் கணக்குகளில் வளைகுடாவிலிருந்து மாதாமாதம் பணம் வரும். கணவன் அங்கே வாங்கும் சம்பளம் மனைவியின் கணக்குக்கு வந்ததும் பரிமாற்றம் ஆகிவிடும். இதையெல்லாம் நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். பிழை குறைவான ஆள் என்று என்னைத் தலைவரே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

பழகிய பிறகு வரிகள் வரிகளாக மட்டுமே தெரியும். ஒருவர் மருந்துக்கடையில் தொடர்ந்து கார்டு தேய்த்திருப்பார்; கார்டு செலவு. ஒருநாள் அது நின்றுபோயிருக்கும். அதற்குக் கட்டம் எதுவும் கிடையாது. அடுத்த வரிக்குப் போவேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அறிக்கை வந்தது. சனிக்கிழமைதோறும் மாலையில் ஒரு தனிமனிதரின் கணக்கிலிருந்து யூபிஐயில் பணம் வந்திருந்தது. சற்று நேரத்தில் அதில் பெரும்பகுதி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருந்தது. அடுத்த சனிக்கிழமையும் அதேதான்.

பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண்ணாடத்து அக்கா எட்டிப் பார்த்தாள். “வட்டிக்கு விடற அம்மாவா இருக்கும்டி. வசூல் வந்ததும் எடுத்து அடுத்தவளுக்குக் குடுக்குது பாரு.”

நான் முதல் பக்கத்துக்குப் போய்ப் பெயரைப் பார்த்தேன். எங்கள் தெருக்கோடி வீட்டு அத்தை.

அத்தை செராமிக் தொழிற்பேட்டையில், மின்சார ஃப்யூஸுக்கான பீங்கான் கட்டை செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். அச்சிலிருந்து வரும் கட்டைகளின் ஓரத்தைச் சீவி, காயவைத்து, சூளைக்குக் கொடுக்கிற பெண்கள் கூட்டத்தில் அவளிடம் மட்டும்தான் ஏடிஎம் கார்டு உண்டு. அதனால் எல்லோருடைய வாரக்கூலியையும் முதலாளி தன் அம்மாவின் கணக்கிலிருந்து அத்தைக்கே மொத்தமாக அனுப்பிவிடுவார். அத்தை ரொக்கமாக எடுத்து வந்து பங்கு போடுவாள். பேட்டையில் பல பட்டறைகளில் இதுதான் வழக்கம். யாரும் இதைத் தவறாக நினைத்ததில்லை.

இப்போது அத்தை வீடு கட்டக் கடன் கேட்டிருக்கிறாள். தகரக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட வேண்டும். தெருவே அறிந்த விஷயம்.

அந்த வரிகளை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சம்பளம் என்று போட்டால் கூட்டத்தின் கூலி முழுவதும் அத்தையின் வருமானமாகிவிடும். அவளால் கட்ட முடியாத தவணை அவள் தலையில் விழும். பரிமாற்றம் என்று போட்டால் அவளுக்கு வருமானமே இல்லை. இரண்டுமே பொய்.

தெரிந்தவர் கோப்பை நாங்கள் தொடக்கூடாது. தலைவரிடம் போய்ச் சொன்னேன். கூலிப் பங்கீட்டையும் விளக்கினேன்.

“சரிம்மா, நீ சொல்றது உண்மையாவே இருக்கட்டும். நமக்கு அஞ்சு கட்டம்தான் குடுத்துருக்காங்க. தனி ஆள்கிட்டேருந்து யூபிஐல வந்தா பரிமாற்றம். ஆறாவது கட்டம் ஒண்ண நீயே வரைஞ்சுக்கப் போறியா?”

“குறிப்புல எழுதலாம்ல சார்?”

“எழுதச் சொல்றேன். யாரு படிக்கப்போறா?”

கோப்பு பெண்ணாடத்து அக்காவிடம் போனது. குறிப்பில் ‘கூட்டுக்கூலி’ என்று எழுதினாள். கட்டத்தில் பரிமாற்றம் என்று போட்டாள். விதிப்படி அவள் செய்தது சரி. நான் அவளிடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். அன்று மதியம் வழக்கம்போல் இருவரும் சாப்பிட்டோம். எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன்.

சில நாள் கழித்து அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“பாப்பா, நீ அந்தக் கடன் ஆபீஸு வேலையிலதான இருக்க? எனக்கு சம்பளமே இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்போ இத்தினி வருசமா நான் என்னா, பொம்மையா வச்சி வெளையாண்டுகிட்டு இருந்தேன்?”

கோப்பு எங்களிடம் வந்ததை நான் சொல்லக்கூடாது. சொல்லவில்லை. “மொத்தப் பணமும் ஒங்க கணக்குக்கு வந்துட்டுப் போவுது அத்த. அதுல ஒங்க சம்பளம் எதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியாது” என்றேன்.

“பங்கு போட்டது போவ மிச்சம் இருக்கறது எனுதுதான. இதுகூடத் தெரியாமத்தான் பேங்குல உக்காந்துருக்காங்களா?”

“மத்தவங்களயும் கார்டு வாங்கச் சொல்லுங்களேன்.”

“நல்லா சொன்ன போ! போன் அவளுங்க வூட்டுக்காரங்க கையில இருக்குது. கணக்குல பணம் விழுந்து மெசேஜ் வந்தா, அவளுங்க வூடு சேர்றதுக்குள்ள அது கடையில கரைஞ்சிடும். எங்கிட்ட கையில வாங்கறதாலதான் அடுப்பு எரியுது.”

அத்தை போகாமல் அங்கேயே நின்றாள். உள்ளே வந்து உட்காரவும் இல்லை. நான் கேட்டேன்:

“வூட்டுக்காரரு இல்லாதவங்க யாராச்சும் ஒங்க கூட்டத்துல இருக்காங்களா?”

ஒருத்தி இருந்தாள். நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். புருஷன் செத்துப்போனவள். கணக்கும் போனும் உண்டு, கார்டு மட்டும் இல்லை. கூட்டத்தின் பணம் இனி அவளுக்குப் போகட்டும்; அத்தையின் கூலி மட்டும் பட்டறையின் பெயரிலிருக்கும் நடப்புக் கணக்கிலிருந்து தனியாக, வாராவாரம் வரட்டும் என்றேன். பட்டறையின் பெயரிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் எந்த விதிப்படி பார்த்தாலும் அது சம்பளம்தான்.

“மொதலாளி ஒத்துக்கணுமே. ரெண்டு தடவ அனுப்பச் சொன்னா, நான் என்னா பேங்கா நடத்தறேன்னு கேப்பாரு.”

“நானும் வரேன்.”

முதலாளி அப்படியேதான் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “நீ யாரும்மா நடுவுல?” என்றார். எந்த வேலையில் இருக்கிறேன் என்று சொன்னேன். “பட்டறைக் கணக்குலேருந்து கூலி போனா அது ஒங்களுக்கும் செலவுக் கணக்குல நிக்கும், வரி கொறையும் சார்” என்றேன். இதுவரை அத்தையின் போன் எண்ணுக்கே அனுப்பிவந்தவர், போனை எடுத்து அவள் கணக்கு எண்ணைக் கேட்டார்.

இதனால் உடனே எதுவும் மாறிவிடாது. பழைய சனிக்கிழமைகள் பரிமாற்றமாகவே இருக்கும். கடன் நிறுவனம் ஆறு மாத அறிக்கை கேட்கிறது. அதுவரை அத்தை தகரத்தின் கீழேதான் இருக்க வேண்டும். நான் மகிழ்ச்சியாக இருக்கிறேனா என்று அம்மா கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டேன். நல்லூர்க்காரியை வங்கிக்கு அழைத்துப் போய், கார்டுக்கான விண்ணப்பத்தை நிரப்பி, அவள் கைநாட்டு வைத்த இடத்தின் கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மதியம் வேலைக்குத் திரும்பினேன்.